கடந்த காலத்தில் மட்டும் வென்ற சூத்திரம்

2002ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பு இந்திய வானிலை ஆய்வுத் துறை வழக்கம்போல ஒரு எண்ணை வெளியிட்டது: நாடு முழுவதும் நீண்டகாலச் சராசரியில் 101 சதவீத மழை பெய்யும், நான்கு சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். அந்த எண்ணை அப்போது யாரும் பெரிதாகச் சந்தேகிக்கவில்லை. அதைக் கணித்த சூத்திரம் 1988 முதல் 14 ஆண்டுகள் தொடர்ந்து சரியாகச் சொன்னது என்று பெயர் எடுத்திருந்தது. ஆனால் அந்த ஜூலையில் மழை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. செப்டம்பர் முடிவில் கணக்குப் பார்த்தபோது சராசரியில் 81 சதவீதம்தான் பெய்திருந்தது. நான்கு சதவீதம் பிசகலாம் என்று சொன்ன சூத்திரம் இருபது சதவீதம் பிசகியது. பழைய தரவை வைத்து ஒரு விதியைச் சோதித்து, அந்தச் சோதனையில் அது பெற்ற மதிப்பெண்ணை நம்பி எதிர்காலத்தில் பணத்தையோ பயிரையோ வைப்பதைப் பங்குச்சந்தைக்காரர்கள் பேக்டெஸ்ட் என்கிறார்கள். இந்தியாவில் பொதுமக்கள் பார்வையில் நடந்த மிகப் பெரிய பேக்டெஸ்ட் தோல்வி தலால் தெருவில் நடக்கவில்லை, வானத்தில்தான் நடந்தது என்பது என் எண்ணம். சந்தைத் தோல்விகளை அவரவர் மறைத்துவிடுகிறார்கள். மழைக் கணிப்போ ஆண்டுவாரியாக அச்சில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம்.

அந்தச் சூத்திரத்தை வசந்த் கோவாரிகரும் வி. தாப்லியாலும் சக ஆய்வாளர்களும் உருவாக்கினார்கள். அதில் 16 காரணிகள். இமயமலையிலும் யூரேசியாவிலும் கிடந்த பனியின் அளவு, பசிபிக் கடலில் எல் நினோ உண்டா இல்லையா, ஆஸ்திரேலியாவின் டார்வினிலும் தொலைதூர அர்ஜென்டினாவிலும் இருந்த காற்றழுத்தம், மிக உயரத்தில் வீசும் காற்றின் போக்கு என்று அந்தப் பட்டியல் நீளும். ஒவ்வொரு காரணிக்கும் ஒரு பெருக்கெண் உண்டு. அதோடு விடவில்லை. காரணியின் மதிப்பை அப்படியே எடுக்காமல், ஓர் அடுக்குக்கு உயர்த்தி எடுத்தார்கள். எந்த அடுக்கு என்பதும் தரவுக்கு ஏற்பத் திருகிக் கண்டுபிடிக்க வேண்டிய எண். ஆக 16 பெருக்கெண், 16 அடுக்கெண், ஒரு மாறிலி என 33 திருகாணிகள். இவற்றைச் சரிசெய்ய இருந்ததோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் மழைக்கணக்கு. ஆண்டுக்கு ஒரு பருவம், பருவத்துக்கு ஒரு விடை. விடைகளைவிடத் திருகாணிகள் கூடுதலாக இருக்கும் இடத்தில், பழைய விடைகளோடு சூத்திரம் பொருந்தாமல் போனால்தான் வியப்பு.

எவ்வளவு எளிதாகப் பொருந்தும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மழையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, வெறும் தாயக்கட்டை உருட்டி எழுதிய எண்வரிசைகள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை மழைக்கணக்கோடு நேர்கோட்டு முறையில் பொருத்தினால், மழையின் ஏற்ற இறக்கத்தில் சராசரியாக `k/(n-1)` பங்கை அவை 'விளக்கிவிடும்'. இதில் `k` காரணிகளின் எண்ணிக்கை, `n` ஆண்டுகளின் எண்ணிக்கை. 16 காரணி, 30 ஆண்டு என்றால் 16/29, அதாவது 55 சதவீதம். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து பாதிக்கு மேல் விளக்கம் கிடைக்கிறது, அதுவும் அடுக்கெண்களைத் தொடாமலேயே. அடுக்கெண்ணையும் திருக விட்டால் இன்னும் கூடும். கோவாரிகர் குழுவின் காரணிகள் தாயக்கட்டைகள் அல்ல, சிலவற்றுக்கு உண்மையான தொடர்பு உண்டு. ஆனாலும் பேக்டெஸ்ட் காட்டும் வெற்றியில் எவ்வளவு பங்கு உண்மை, எவ்வளவு பங்கு இந்த இலவசப் பொருத்தம் என்பதை அந்த பேக்டெஸ்டைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது.

இது திருகாணிகளால் வரும் தவறு. இதற்கு முந்தைய கட்டத்தில் இன்னொன்று நிகழ்கிறது, அதுதான் கண்ணில் படாதது. உதாரணத்துக்கு நார்த்தாமலையை எடுத்துக்கொள்வோம். பாறைக் குன்றுகள் சூழ்ந்த புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய் நிறைவது பெரும்பாலும் அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்குப் பருவமழையால். தில்லியில் வெளியாகும் அகில இந்திய ஜூன்–செப்டம்பர் எண் சரியாகவே இருந்தாலும் இந்தக் கண்மாய்க்கு அது பெரிதாக எதையும் சொல்லாது. ஆகவே நார்த்தாமலைக்கென்றே, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையைச் செப்டம்பரிலேயே சொல்லும் ஒரு சூத்திரம் செய்ய ஒருவர் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 30 ஆண்டு மழைக்கணக்கு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஐம்பது வரிசைகளை இறக்குகிறார்: வங்கக் கடலின் வெப்பம், அரபிக் கடலின் வெப்பம், இந்தோனேசியக் காற்றழுத்தம், எங்கோ ஒரு தீவின் காற்று வேகம் என்று. ஒவ்வொன்றையும் மழையோடு ஒப்பிட்டு, நன்றாக ஒத்துப்போகும் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுகிறார். அந்த ஐந்தைக் கொண்டு சூத்திரம் எழுதுகிறார். பார்ப்பவருக்கு ஐந்தே காரணி, 30 ஆண்டு, அடக்கமான சூத்திரம்.

ஆனால் தள்ளப்பட்ட நாற்பத்தைந்தும் கணக்கில் வர வேண்டும். தொடர்பே இல்லாத ஒரு வரிசை, 30 ஆண்டுக் கணக்கில், ஏதாவது ஒரு திசையில் 0.36க்கு மேல் ஒட்டுறவு காட்ட இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. புள்ளியியல் பாடநூல்கள் 'குறிப்பிடத்தக்கது' என்று முத்திரை குத்தும் எல்லை அதுதான். ஒன்றை மட்டும் பார்த்தால் இருபதில் ஒன்று, ஐம்பதைப் பார்த்தால்? எதுவுமே அந்த எல்லையைத் தாண்டாமல் இருக்கும் வாய்ப்பு 0.95ஐ ஐம்பது முறை பெருக்கினால் கிடைக்கும், அது எட்டு சதவீதம்கூட இல்லை. மீதி தொண்ணூற்றிரண்டு சதவீதத்தில் குறைந்தது ஒரு வரிசையாவது கண்டிப்பாக முத்திரை வாங்கிவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் இங்கே ஐம்பது காக்கைகள், ஐம்பது மரங்கள். ஏதோ ஒரு மரத்தில் பழம் விழும், அந்த மரத்தை மட்டும் படம் எடுத்து அறிக்கையில் போடுவார்கள். மேலே சொன்ன `k/(n-1)` கணக்கில் `k` ஐந்து என்று போடுவது தவறு. தேடலின் அளவு ஐம்பது.

இந்த ஆபத்தை முதன்முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் இந்தியாவில் இருந்தே எழுதினார். கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணிதத்தேர்வில் முதலிடம் பெற்றவர், வானிலை படித்தவரல்ல. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநராக இருந்தார். உலகெங்கும் இருந்து காற்றழுத்தமும் மழையும் திரட்டி, ஆயிரக்கணக்கான ஒட்டுறவுகளைக் கணினி இல்லாத காலத்தில் குமாஸ்தாக்களைக் கொண்டு கையால் போட வைத்தவர் அவர். எல் நினோவோடு பிணைந்த தென் அலைவைக் கண்டதும் இந்தத் தேடலில்தான். தேடல் பெருகப் பெருகத் தற்செயல் ஒட்டுறவும் பெருகும் என்பது அவருக்கு உறைத்தது. 1914இல் அவர் எழுதிய ஆய்வுக் குறிப்பின் சாரம் இதுதான்: பலவற்றைப் பார்த்து அவற்றுள் மிகப் பெரியதைத் தேர்ந்தெடுத்தால், தனியொன்றைச் சோதிக்கும் அளவுகோலால் அதை அளக்கக் கூடாது, எத்தனையைப் பார்த்தோம் என்பதற்கேற்ப அளவுகோலை உயர்த்த வேண்டும். மேலே போட்ட எட்டு சதவீதக் கணக்கின் அடிப்படை இதுவே. அதே துறை எழுபது ஆண்டு கழித்து 33 திருகாணிச் சூத்திரத்தில் போய் நின்றது ஒரு வரலாற்று விநோதம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். அவற்றுள் வலுவானது இது: 'பேக்டெஸ்டை விடுங்கள். 1988க்குப் பிறகு ஆண்டுதோறும் முன்கூட்டியே சொன்னார்களே, அது பழைய தரவு அல்லவே, அதிலும் 14 ஆண்டு சரியாக வந்ததே.' இதை உண்மையாகவே எடுத்துப் பார்க்க வேண்டும். முதலில், 'சரி' என்பதற்கு என்ன வரையறை வைத்திருந்தார்கள்? மழை 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருந்தால் அது 'இயல்பு'. இயல்பு என்று சொல்லி இயல்பு பெய்தால் கணிப்பு வென்றது. இந்திய மழையின் வழக்கமான ஏற்ற இறக்கமே சுமார் பத்து சதவீதம்தான், எனவே மூன்றில் இரண்டு ஆண்டுகள் எந்தக் கணிப்பும் இல்லாமலேயே அந்தக் கூடைக்குள் விழும். 1989 முதல் 2001 வரை அத்தனை ஆண்டும் விழுந்தன. அது இயற்கையின் தயவு. அந்தக் காலம் முழுக்க ஒருவர் சூத்திரமே இல்லாமல் 'இயல்பு, இயல்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் அதே மதிப்பெண் வாங்கியிருப்பார்.

கூடையை விட்டுவிட்டு எண்களைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 1994இல் சொன்னது 92, பெய்தது 110. 1997இல் சொன்னது 92, பெய்தது 102. 1999இல் சொன்னது 108, பெய்தது 96. 2000இல் சொன்னது 99, பெய்தது 92. கூடையின்படி இவையெல்லாம் வெற்றி. 1989 முதல் 2001 வரையிலான 13 ஆண்டுகளையும் வரிசையாக எழுதி வித்தியாசங்களைக் கூட்டிப் பாருங்கள்: சூத்திரம் சராசரியாக ஆறு சதவீதத்துக்குச் சற்று மேலே பிசகியிருக்கிறது. ஆண்டுதோறும் கண்ணை மூடிக்கொண்டு '100' என்று சொன்னவர் ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் கீழே பிசகியிருப்பார். பனியும் காற்றும் அர்ஜென்டினாவும் சேர்ந்த 16 காரணிச் சூத்திரத்தை ஒரே ஒரு எண் தோற்கடித்திருக்கிறது. சொன்னது கூடும்போது பெய்ததும் கூடியதா என்று பார்த்தால், இந்த 13 ஆண்டில் அந்த ஒட்டுறவு ஏறக்குறைய பூஜ்யம். ஆக, 2002 ஒரு விபத்தல்ல. சூத்திரம் பல ஆண்டுகளாகவே எதையும் சொல்லாமல்தான் இருந்தது. 1989க்குப் பிறகு இயற்கை கூடைக்கு வெளியே போன முதல் ஆண்டில் அது வெளியே தெரிந்தது. சுலோசனா காட்கில், ராஜீவன், நஞ்சுண்டையா மூவரும் 2005இல் கரண்ட் சயின்ஸ் இதழில் 1932 முதலான கணிப்புகளை எடுத்து அலசி, சூத்திரங்கள் மாறிக்கொண்டே வந்தும் திறன் திருப்தி தரும் அளவுக்கு உயரவில்லை என்று எழுதினார்கள்.

இரண்டாவது எதிர்வாதம்: 'ஒவ்வொரு காரணிக்கும் இயற்பியல் விளக்கம் இருந்தது, குருட்டுத் தேடல் அல்ல.' உண்மைதான், எல் நினோவுக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்புக்கு நல்ல விளக்கம் உண்டு. ஆனால் விளக்கம் இருப்பதும், அந்தத் தொடர்பின் அளவு முப்பது ஆண்டும் மாறாமல் இருப்பதும் ஒன்றல்ல. 1997இல் நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று வந்தது, மழையோ 102 சதவீதம். 1999இல் கிருஷ்ணகுமார், ராஜகோபாலன், கேன் மூவரும் சயின்ஸ் இதழில் இந்த உறவு தளர்ந்துவருவதாகவே எழுதினார்கள். மேலும், ஒட்டுறவு கிடைத்த பிறகு விளக்கம் தேடினால் அநேகமாக எதற்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். கடலும் காற்றும் உலகம் முழுவதும் பிணைந்தவை, எந்த இரண்டு ஊருக்கும் இடையே ஒரு கதை எழுதிவிடலாம். விளக்கம் தேடலுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தால்தான் அது தேடலைக் குறுக்கும்.

மூன்றாவது: 'தரவில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து, அதில் சோதித்தால் போதுமே.' போதும், ஒரே ஒரு முறை சோதித்தால். ஒதுக்கிவைத்த பத்து ஆண்டில் சூத்திரம் தோற்றால் என்ன செய்வோம்? ஒரு காரணியை மாற்றிவிட்டு மறுபடி அதே பத்து ஆண்டில் ஓட்டுவோம். ஐந்தாவது முறை ஜெயிக்கும். அந்த நொடியில் ஒதுக்கிவைத்த தரவு, சூத்திரத்தைச் செதுக்கிய தரவாக மாறிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் சோதனை இல்லாமல் போயிற்று. 2002க்குப் பிறகு துறை 8 காரணியும் 10 காரணியும் கொண்ட புதிய சூத்திரங்களுக்கு மாறியது. பழைய தரவில் அவை நன்றாகவே நின்றன, 2003இலும் தப்பின. 2004இல் 100 என்றார்கள், பெய்தது 87. 2007இல் இன்னும் சில காரணிகளைக் கழித்து, பல சிறு சூத்திரங்களின் சராசரியை எடுக்கும் முறைக்கு வந்தார்கள். இது சரியான திசை. டெல்சோல், சுக்லா இருவரும் 2002இலேயே எல்லாக் காரணிகளையும் போட்ட சூத்திரத்தைவிடக் கறாராக வடிகட்டிய சூத்திரம் சராசரியில் நன்றாகக் கணிக்கிறது என்று காட்டியிருந்தார்கள். ஆனாலும் 2009 ஏப்ரலில் 96 என்றார்கள், பெய்தது 78. காரணியைக் குறைத்தால் பொய் நம்பிக்கை குறையும், அவ்வளவுதான். இல்லாத அறிவு அதனால் வந்துவிடாது.

பங்குச்சந்தையில் இதே கதை வேகமாக ஓடுகிறது. நிஃப்டியில் ஒரு குறுகிய சராசரிக்கோடு நீண்ட சராசரிக்கோட்டை மேலே வெட்டினால் வாங்கு, கீழே வெட்டினால் விற்றுவிடு என்பது பழைய விதி. இரண்டு சராசரிகளின் நீளம், ஸ்டாப் லாஸ், லாப இலக்கு என்று நான்கு திருகாணி. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பு வைத்தால் பத்தாயிரம் விதிகள். மடிக்கணினி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அத்தனையையும் பேக்டெஸ்ட் செய்து, முதலிடம் பெற்றதைப் பச்சைக் கோடாகக் காட்டும். பெய்லி, போர்வைன், லோபெஸ் டி பிராதோ, ஜூ நால்வரும் 2014இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: ஐந்து ஆண்டுத் தரவை வைத்துக்கொண்டு ஒன்றுக்கும் உதவாத 45 விதிகளை முயன்றாலே, அவற்றுள் சிறந்தது ஆண்டுக்கு ஒன்று என்ற ஷார்ப் விகிதத்தைக் காட்டிவிடும் என்று எதிர்பார்க்கலாம். எடுத்த ஆபத்துக்கு எவ்வளவு லாபம் என்று அளக்கும் விகிதம் அது, ஒன்று என்பது சந்தையில் மதிக்கத்தக்க எண். நம் பட்டியலில் இருப்பதோ 45 அல்ல, பத்தாயிரம். அவற்றுள் பல ஒன்றையொன்று ஒத்தவை என்பதால் உண்மையான எண்ணிக்கை குறையும், ஆனால் 45க்குள் அடங்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. குவான்டோபியன் என்ற தளத்தில் எழுதப்பட்ட 888 விதிகளை 2016இல் ஆராய்ந்தபோது, பேக்டெஸ்ட் காட்டிய ஷார்ப் விகிதத்தைக் கொண்டு பின்னாளைய லாபத்தைக் கணிக்கவே முடியவில்லை. அதிக முறை பேக்டெஸ்ட் செய்து செதுக்கிய விதிகள்தான் நிஜத்தில் அதிகம் சறுக்கின. 2022 செப்டம்பரில் செபி, அல்கோ விதிகளின் கடந்தகால லாபத்தையோ எதிர்பார்க்கும் லாபத்தையோ சொல்லித் தரகு நிறுவனங்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. சிலர் இதைக் கெடுபிடி என்றார்கள். எத்தனை விதிகளை முயன்று இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற எண் இல்லாத லாப விளம்பரத்தில் சரிபார்க்க எதுவும் இல்லை என்பதால் எனக்கு அந்தத் தடை நியாயமாகவே படுகிறது.

அப்படியானால் இந்த மிகைப்பொருத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நார்த்தாமலைச் சூத்திரக்காரரிடம் திரும்புவோம், அவர் நேர்மையானவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்ய வேண்டியது, 30 ஆண்டு மழை எண்களையும் சீட்டுக்கட்டுபோலக் குலுக்கி, எந்த ஆண்டுக்கு எந்த மழை என்ற உறவை அழித்துவிடுவது. பிறகு தேடலை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். தேர்ந்தெடுத்த ஐந்தை மட்டும் மறுபடி பொருத்தினால் போதாது. ஐம்பதையும் ஒப்பிட்டு, அந்தக் குலுக்கலுக்குப் பொருந்தும் புதிய ஐந்தைத் தேர்ந்து, சூத்திரம் எழுதி, மதிப்பெண் குறிக்க வேண்டும். இதை ஆயிரம் முறை. நிஜ வரிசையில் கிடைத்த மதிப்பெண்ணைக் குலுக்கிய வரிசைகளில் முந்நூறு எட்டிவிட்டால், அவருடைய சூத்திரம் நார்த்தாமலை மழையைப் பற்றி எதையும் கற்கவில்லை, தேடலின் கைவரிசை மட்டுமே அது. பத்தே பத்து எட்டினால் கவனிக்கத்தக்கது. பங்குச்சந்தை விதிக்கும் இதே சோதனை பொருந்தும். கூடவே இன்னொன்று: சிறந்த திருகாணி மதிப்பைச் சற்றே நகர்த்திப் பார்க்கலாம். 20 நாள் சராசரியில் பெரிய லாபம், 19இலும் 21இலும் நஷ்டம் என்றால் அந்தச் சிகரம் வெறும் தற்செயலின் மேல் நிற்கிறது.

குலுக்கல் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. கடந்த காலத்தில் தொடர்பு நிஜமாகவே இருந்ததா என்பதைத்தான் அது சொல்லும், நாளைக்கும் இருக்குமா என்று சொல்லாது. அதற்குப் புதிய ஆண்டுகள் வந்தாக வேண்டும். இங்கேதான் மழை, சந்தையைவிடக் கடினமான ஆசிரியர். சந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 250 விடை தரும், மழை ஒன்றுதான் தரும். கடலையும் காற்றையும் சமன்பாடுகளாகக் கணினியில் ஓட்டும் மாதிரிகள் பலவற்றின் கூட்டுக் கணிப்பை வானிலைத் துறை 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் திருகாணிகள் ஏராளம், ஆனால் பெரும்பாலானவை மழைக்கணக்குக்கு ஏற்பத் திருகப்பட்டவை அல்ல, இயற்பியலும் பிற அளவீடுகளும் அவற்றைக் கட்டிப்போடுகின்றன. அதனால் 33 திருகாணிக் கணக்கை அப்படியே அவற்றின் மேல் சுமத்த முடியாது. ஆனாலும் அவற்றின் பருவக் கணிப்பு ஆண்டுதோறும் '100' என்று சொல்பவரை எவ்வளவு வெல்கிறது என்பதை 1989–2001க்குச் செய்ததுபோல எண்ணால் எழுதிப் பார்க்க, 2030களின் நடுப்பகுதி வரையாவது அந்தப் பட்டியலை ஆண்டுக்கு ஒரு வரியாக நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும்.